ஓய்வுபெறும் எங்கள் தபால்காரருக்கு 146 வீடுகளின் கடிதம்

அன்புள்ள தபால்காரர் ஐயாவுக்கு,

வணக்கம். இந்த மாதக் கடைசியோடு நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் ஐந்து தெருக்களிலும் வேறு பேச்சே இல்லை. உங்களைப் பற்றிச் சொல்ல ஆளுக்கு ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் கேட்டு எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். உங்கள் வழியிலேயே போவோம் என்று முதல் தெருவின் வடக்கு வரிசையில் தொடங்கி, ஐந்தாம் தெருவின் மூலை வீடு வரை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. இதே வழியைத்தான் நீங்கள் 28 ஆண்டுகளாக ஒரு பகலுக்குள் முடித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

போகும்போதுதான் ஒன்று தெரிந்தது. நீங்கள் எங்களை அறிந்த அளவுக்கு எங்களுக்குள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் யாரும் இல்லை. எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே சரியாகத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் தெருவில் ஒரே பெயர், ஒரே முதலெழுத்து கொண்ட இருவர் நான்கு வீடு இடைவெளியில் குடியிருப்பது அவர்களுக்கே பல ஆண்டுகள் தெரியாதாம். இருவர் கடிதமும் ஒருநாளும் மாறியதில்லை. எப்படி என்று பெரியவர் ஒருவர் உங்களிடம் கேட்டாராம். அனுப்புகிறவர்களின் கையெழுத்தை வைத்துத்தான் என்று நீங்கள் சொன்னதை அவர் இன்றும் வியந்து சொல்கிறார்.

மூன்றாம் தெருவில் எனக்கு ஒரு கடித உறையைக் காட்டினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு நினைவிருக்கும். அதில் கதவு எண் இல்லை, தெருப் பெயரும் இல்லை. ஊர்ப் பெயருக்கு மேலே ஒரு பெண்ணின் பெயரும், "கிணற்றுக்கு எதிரில், நீலக் கதவு போட்ட வீடு" என்ற வரியும் மட்டுமே இருந்தன. எழுதியவர் அந்த வீட்டின் மூத்த மகன். கோபித்துக்கொண்டு போய்ப் பதினேழு ஆண்டுகள் கழித்துத் தங்கைக்கு எழுதிய முதல் கடிதம் அது. அவர் மனத்தில் இருந்த தெரு இப்போது இல்லை. கிணற்றை மூடி அதன்மேல் வீடு கட்டியாகிவிட்டது. நீலக் கதவு போய் இரும்புக் கதவு வந்துவிட்டது. தங்கையின் குடும்பம் மூன்றாம் தெருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. உறையின் பின்புறம் அனுப்புநர் முகவரியும் இல்லை. நீங்கள் "விலாசம் போதாது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்தக் கடிதம் உரியவரைச் சேராத தபால்களோடு சேர்ந்து எங்கோ போயிருக்கும். கிணறு இருந்த இடமும், கதவின் பழைய நிறமும், குடும்பம் போன வீடும் ஒருவர் நினைவில் சேர்ந்து இருந்ததால் அது அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் அண்ணன் நேரில் வந்துவிட்டார். அந்த அம்மா இதைச் சொல்லும்போது பேச்சு நின்றுவிட்டது. எனக்கும் அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

நான்காம் தெருப் பாட்டி இப்போது இல்லை. அவருடைய மகள்தான் பேசினார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெளியூரில் இருந்த மகனின் கடிதங்களை வாசலில் நின்று படித்துக் காட்டியது நீங்கள்தான். அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதியதும் நீங்கள்தான். "உங்கள் மருமகளுக்கும் ஒரு வரி விசாரித்து எழுதட்டுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பீர்களாம். மாமியார், மருமகள் மனஸ்தாபம் தீர்ந்ததே அந்த ஒரு வரியால்தான் என்கிறார் மகள். ஒருநாள் காலையில் கடிதம் வராமல், மாலையில் மகள் வேலை முடிந்து வந்த பிறகு நீங்கள் வந்தீர்களாம். மேல் உறையில் இருந்தது மகனின் கையெழுத்து இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, பாட்டியைத் தனியாக வைத்துக்கொண்டு அதைப் பிரிக்க வேண்டாம் என்று சுற்றின் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறீர்கள். அன்று அவர்கள் வீட்டில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தீர்களாம்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை இத்தனை ஆண்டுகளில் வேறு யாரிடமும் நீங்கள் சொன்னதில்லை. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். எந்த வீட்டுக்கு நீதிமன்றத்திலிருந்து உறை வருகிறது, எந்த வீட்டுக்குக் கடன் நோட்டீஸ் வருகிறது, எந்தப் பெண்ணுக்கு யார் கையெழுத்தில் கடிதம் வருகிறது, எந்தப் பிள்ளை அனுப்பும் மணியார்டர் நின்றுபோயிற்று, எல்லாம் உங்கள் கையால் கடந்து போனவை. 146 வீட்டிலும் கேட்டுவிட்டேன். ஒரு வீட்டுச் செய்தி உங்கள் மூலம் இன்னொரு வீட்டுக்குப் போனதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. எங்கள் தெருக்களில் அப்படி இருப்பது எவ்வளவு கடினம் என்பது இங்கே குடியிருக்கும் எங்களுக்குத்தான் தெரியும்.

என் பங்குக்கும் சொல்ல வேண்டும். படிப்பு முடித்து வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு நான் தினமும் கேட்டருகே நின்ற நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் எங்கள் வாசலுக்கு வந்துசேரும் வரை நான் ஆசையோடு நிற்க வேண்டாம் என்று, தெருமுனையிலேயே தலையை மெல்ல ஆட்டிவிடுவீர்கள். நான் உள்ளே போய்விடுவேன். ஐந்து மாதம் இப்படி நடந்தது. ஆறாவது மாதத்தில் ஒருநாள் தலை அசையவில்லை. சைக்கிள் மணி விடாமல் அடித்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் இன்னும் பதினோரு வீடு இருந்தது. வரிசையை விட்டு நேராக எங்களிடம் வந்தீர்கள். "கையெழுத்துப் போடு பாப்பா" என்றீர்கள். பிரிக்கும் வரை நின்றீர்கள். அதன் பிறகுதான் திரும்பிப் போய்ப் பதினோரு வீட்டுக்கும் கொடுத்தீர்கள்.

இதோடு சேர்த்து எழுதியே ஆக வேண்டியது இன்னொன்று உண்டு. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய பதிவுத் தபால் வரவில்லை என்று என் தந்தை உங்கள்மீது எழுத்துமூலம் புகார் கொடுத்தார். நீங்கள் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களிலும் எங்கள் வாசலுக்கு வந்தீர்கள், மற்ற தபாலைக் கொடுத்தீர்கள், முகம் மாறவில்லை. ஏழு வாரம் கழித்து அந்த உறை எங்கள் வீட்டிலேயே பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் கிடைத்தது. வாங்கிக் கையெழுத்திட்டது என் தம்பி, சொல்ல மறந்துவிட்டான். தந்தை அஞ்சலகத்துக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்று, உங்களிடமும் வருத்தம் தெரிவித்தார். "கிடைத்துவிட்டதே சார், அது போதும்" என்றீர்கள். தந்தை கடைசிவரை அதை நினைத்து வருந்தினார். அவர் சார்பில் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்கிறேன் ஐயா. எழுத்தில் கொடுத்த புகாருக்கு மன்னிப்பும் எழுத்தில் இருக்கட்டும்.

குழந்தைகளும் தங்கள் பங்கைச் சேர்க்கச் சொன்னார்கள். ஓர் அக்டோபர் 9-ஆம் தேதி, உலக அஞ்சல் நாளன்று, அவர்கள் உங்களை வழிமறித்துக் கேள்வி கேட்டார்களாம். வேறு நாட்டு ஸ்டாம்ப் ஒட்டிய கடிதத்தை நம் தபால்காரர் ஏன் கொண்டுவர வேண்டும், அந்தக் காசு அந்த நாட்டுக்குத்தானே போயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு, 1874-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி, உன் கடிதத்தை நான் சேர்க்கிறேன், என் கடிதத்தை நீ சேர் என்று ஒப்பந்தம் செய்துகொண்ட கதையைச் சொன்னீர்களாம். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி அதை எனக்கு வரி பிசகாமல் ஒப்பித்தாள். இப்போது வந்துவிழும் தபாலில் பெரும்பகுதி வங்கி அறிக்கையும் பொட்டலமும்தான். கையால் எழுதிய கடிதம் அவள் கண்ணில் பட்டதே குறைவு. ஆனாலும் வளர்ந்து தபால்காரர் ஆகப் போவதாகச் சொல்கிறாள்.

2020-இல் எல்லோரும் கதவடைத்துக் கிடந்தபோது எங்கள் பெரியவர்களுக்கு மருந்துப் பொட்டலங்கள் வந்துசேர்ந்ததற்கும், தனியாக இருந்தவர்களை நீங்கள் வாசலில் இருந்தே குரல் கொடுத்து விசாரித்ததற்கும் பதினெட்டு வீட்டார் தனித்தனியே நன்றி சொல்லச் சொன்னார்கள்.

நீங்கள் தெருவுக்குள் வரும்போது உங்கள் வேலையில் பாதி முடிந்திருக்கும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. விடிந்ததும் அஞ்சலகத்தில் அன்றைய தபாலை எல்லாம் நடக்கும் வரிசைக்கு அடுக்கிக்கொண்டு கிளம்புவீர்களாம். இந்தக் கடிதத்தின் கீழே உள்ள கையெழுத்துகளையும் அதே வரிசையில்தான் வாங்கியிருக்கிறோம். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தால் நீங்கள் ஒரு சுற்றுப் போய் வந்துவிடலாம். நான்காம் தெருவில் ஓர் இடம் காலியாக இருக்கும். பாட்டியின் மகள் அங்கே தன் பெயரை எழுத மறுத்துவிட்டார். தாயாரின் பெருவிரல் ரேகை இருக்க வேண்டிய இடம் என்று விட்டுவைத்திருக்கிறார்.

புதிதாக வரும் இளைஞரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கதவு எண்களை எல்லா வீட்டிலும் தெரியும்படி எழுதிவைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். இரண்டாம் தெருவில் பெயர் ஒன்றாக உள்ளவர்கள் தகப்பனார் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லி உறவினர்களுக்குத் தகவல் அனுப்பிவிட்டார்கள். நாய்களைப் பத்து மணிக்குள் கட்டிவிடுவதாக உறுதியும் வாங்கிவிட்டேன்.

ஓய்வுபெற்ற மறுநாள் மாலை ஆறு மணிக்கு, குடும்பத்தோடு எங்கள் முதல் தெருவுக்கு வர வேண்டும். 28 ஆண்டுகளாக வாசலில் நின்றே போய்விட்டீர்கள். அன்றாவது உள்ளே வந்து உட்காருங்கள்.

பிறகு ஒரு செய்தி. இந்தக் கடிதம் போதாது என்று பலரும் தனித்தனியே உங்களுக்கு எழுதித் தபாலில் சேர்த்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்ததில் நூற்றுக்கு மேல் இருக்கிறது. வரும் வாரம் முழுவதும் உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். உங்கள் பகுதித் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டோம்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் வழியிலுள்ள 146 வீட்டார்