பொருள்: ரப்பர் தேன் – புது எடுப்பு தொடங்கியாச்சு

வணக்கம் சார்,

மார்த்தாண்டத்திலிருந்து ஜெஸி. மார்ச் மாதம், கணக்கு முடிக்கிற நெருக்கடியில் இருப்பீர்கள். விலை, பாட்டில் அளவு எல்லாம் கீழே பழைய மெயிலிலேயே இருக்கிறது. அதைத் திரும்ப எழுதவில்லை. புதிதாக இரண்டு விஷயம் மட்டும்.

இங்கே ரப்பர் தளிர்விட்டு, பெட்டிகளில் தேன் எடுக்கத் தொடங்கிவிட்டோம். (ரப்பரில் தேன் சுரப்பது பூவில் இல்லை, தளிர் இலைக் காம்பில். தோட்டம் பார்க்க வருகிறவர்கள் இதை நம்பவே மாட்டார்கள்!) இந்த எடுப்பிலிருந்தே உங்களுக்கு ஒதுக்கி வைக்க முடியும். கோடை மழை பிடித்துவிட்டால் வரத்து குறைந்துவிடும்.

இன்னொன்று, உங்களிடம் இருக்கும் சாம்பிள் பாட்டிலின் அடியில் இப்போது வெள்ளையாக, ரவை மாதிரி உறைந்திருக்கலாம். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், சர்க்கரை கலந்ததில்லை. மூடியைத் தளர்த்தி, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேராக வைக்க வேண்டாம், மணம் போய்விடும்.

முழு ஆர்டரை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. முதல் தவணைக்கு அரை கிலோ பாட்டிலா, ஒரு கிலோவா என்று ஒரு வரி போட்டால் போதும், பாட்டில் வாங்கிவைத்துவிடுவேன். இந்த வருடம் வேண்டாம் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள், வருத்தமில்லை. கொள்முதலை இப்போது வேறு யாராவது பார்க்கிறார்கள் என்றால், இந்த மெயிலை அவர்களுக்கு அனுப்பிவிட்டாலே உதவி.

நன்றி சார்.

ஜெஸி
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்