சைக்கிள் உழக்கிப் பாட்டுக் கேட்ட காலம்: பின் பண்ணிய கருத்தும் முதல் பதில்களும்

பின் பண்ணிய கருத்து

சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட காலத்தைப் பற்றிய இந்த வீடியோவில் சைக்கிள் உழக்குகிறவரின் முகத்தை வேண்டுமென்றேதான் காட்டவில்லை. கால் மட்டும் தெரியும். அந்த முகம் யாருடையது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத அந்த வருசங்களில் உங்கள் வீட்டில் உழக்கியது யார், கதிரையில் இருந்து கேட்டது யார்?

எங்கள் வீட்டில் உழக்கியது சின்னக்கா. கேட்டது அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாக்களும். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை தொடங்கினால் அரை மணித்தியாலம் அவர் காலை எடுக்க ஏலாது, எடுத்தால் செய்தி பாதியில் செத்துவிடும், முடிந்த பிறகு பிந்தி வந்த யாராவது "என்னவாம் பிள்ளை?" என்று அவரிடமே கேட்பார்கள், உழக்கிய களைப்பில் அவருக்கு ஒரு சொல்லும் காதில் ஏறியிருக்காது.

"அது ஒரு காலம்" என்று ஒற்றை வரி போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஊர், உழக்கிய ஆள், கேட்ட நிகழ்ச்சி, இந்த மூன்றும் வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அம்மா அப்பாவுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள். சண்டை பிடிப்பதென்றால் எந்த டைனமோ திறம் என்று பிடியுங்கள், மற்றச் சண்டைகளுக்கு வேறு இடம் இருக்கிறது.

முதல் பதில்கள்

*கரவெட்டிப் பெடியன்:* அண்ணை, டைனமோ வயரை நேரே றேடியோவுக்குக் குடுத்தால் வேலை செய்யாதே?

↳ ஓம் தம்பி, செய்யாது. டைனமோவில் வருவது ஏசி, றேடியோவுக்கு வேண்டியது டிசி. நாலு டயோட்டைப் பிரிட்ஜாகக் கட்டி, பின்னால் ஒரு கப்பாசிற்றரும் போட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டுக்கு மேலால் "ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல். டைனமோவில் 6 வோல்ட் 3 வாட் என்று குத்தியிருக்கும். நாலு பற்றறி போடுகிற றேடியோவுக்கும் 6 வோல்ட்தான், அதனால்தான் அது பொருந்தியது. ஆனால் ஆர்வக்கோளாறில் ஒருவர் வேகமாக உழக்கினால் வோல்ட் ஏறி றேடியோவே போய்விடும். அதை எப்படிச் சமாளித்தார்கள்? தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

*றேடியோ திருத்தின கை:* சைக்கிளின் முன் லைற் பல்பைக் கழற்றாமல் விடவேணும். அதுதான் ரகசியம்.

↳ ஐயா, இதற்காகத்தான் காத்திருந்தேன்! றேடியோ எடுக்கிற கரண்ட் கொஞ்சம், மிச்சத்தைப் பல்ப் தின்றுவிடும், வோல்ட் கண்டபடி ஏறாது. சரி, அடுத்த கேள்வி எல்லாருக்கும்: அந்தப் பல்ப் வெளிச்சத்தில் புத்தகம் பிடித்துப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அல்லது ஜாம் போத்தல் விளக்குத்தானா?

*மதுரைக்காரன்:* ப்ரோ, பேட்டரி வாங்கிப் போட்டுக் கேட்டிருக்கலாமே, எதுக்கு இவ்ளோ கஷ்டம்?

↳ நல்ல கேள்வி, இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம், இங்கே பிறந்த சின்னப் பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். பற்றறி அப்போது குடாநாட்டுக்குக் கொண்டுவரத் தடைசெய்த பொருள்களில் ஒன்று. பெற்றோலும் அப்படித்தான். ஒளித்துக் கொண்டுவந்தது கிடைத்தாலும் சம்பளத்தில் பாதி போய்விடும் என்று அப்பா சொல்வார். குடாநாட்டுக்கு வருகிற ஏ9 பாதை திரும்பத் திறந்தது 2002இல்தான். பழைய பற்றறியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்ட கதைகளும் இருக்கின்றன, அதைத் தெரிந்தவர்கள் இவருக்குச் சொல்லுங்கள்.

*டொரன்டோ அக்கா:* எங்கட வீட்டில் நான்தான் உழக்கினது. தம்பிமார் சும்மா இருந்து கேட்டவை. இவ்வளவு வருசமாய் ஒருத்தரும் இதைக் கேக்கேல்லை.

↳ அக்கா, இப்போது கேட்கிறோம். அந்தத் தம்பிமாரை இங்கே ராக் பண்ணுங்கள், அவர்கள் தரப்பையும் பார்ப்போம். உண்மையில் எழுதியவர்களில் பலர் அக்காமார்தான், அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பொம்பிளைப் பிள்ளைகள் இரவில் வெளியே போகக் கூடாது, ஆனால் வீட்டுக்குள் ஸ்டாண்ட் போட்ட சைக்கிளில் எத்தனை மைலும் போகலாம் என்றுதானே இருந்தது?

*ஒரு பார்வையாளர்:* மண்ணெண்ணெயில் மோட்டர் சைக்கிள் ஓடினதையும் போடுங்கோ.

↳ போடுவோம். ஸ்ராட் பண்ண நாலு துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய், ஊரெல்லாம் புகை. ஓடியவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள்.

*சுன்னாகம் 78:* கசெற் போட்டால் உழக்கிறவர் களைக்கக் களைக்கப் பாட்டும் இழுபடும். ஆண் குரல் பேய்க் குரலாய் மாறும் 😂

↳ 😂 அண்ணை, எந்தப் பாட்டு என்று சொல்லாமல் போகாதீர்கள். உழக்கினது யார் என்றும் சொல்லவில்லையே?