பிரவீனாவின் இ-பாஸ் பத்திக்கு ஆசிரியையின் குறிப்பு

(பிளஸ் ஒன் கட்டுரை நோட்டு. தலைப்பு: ‘கொடைக்கானலுக்கு இ-பாஸ் தேவையா?’)

பிரவீனா எழுதிய பத்தி:

“கொடைக்கானலுக்கு இ-பாஸ் கொண்டுவந்தது மாபெரும் தவறு. 2024 மே 7 அன்று இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அடுத்து வந்த ஜூன், ஜூலை மாதங்களில் ஏரிச்சாலையில் உள்ள என் மாமாவின் கடையில் வியாபாரம் பாதியாகக் குறைந்துவிட்டது. எனவே இ-பாஸ்தான் கொடைக்கானல் வணிகத்தை அழித்தது என்பது தெளிவாகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, மாமாவின் கடை ஒன்றே இதற்குச் சாட்சி. வாகனங்கள் குறைந்ததால் காட்டெருமைகள் பயமின்றி ஊருக்குள் வரத் தொடங்கிவிட்டன. இ-பாஸை ஆதரிப்பவர்கள் சமவெளியில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுக்கு மலையைப் பற்றிப் பேச என்ன தகுதி இருக்கிறது? இன்று இ-பாஸ் என்றார்கள். நாளை எண்ணிக்கைக் கட்டுப்பாடு என்பார்கள். பிறகு நம்மையே மலையை விட்டு இறங்கச் சொல்வார்கள். ஒன்று இ-பாஸை நீக்க வேண்டும், இல்லையேல் கொடைக்கானல் மக்கள் பட்டினி கிடக்க வேண்டும். வேறு வழியில்லை.”

அன்புள்ள பிரவீனா,

பத்தியை இரண்டு முறை படித்தேன். உன் மாமா கடையில் விற்பனை குறைந்ததை நீ பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாய், அந்த வேதனை எழுத்தில் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லப் போவதில்லை. இ-பாஸ் வேண்டாம் என்ற உன் முடிவையும் மாற்றச் சொல்லவில்லை. நீ எந்தப் பக்கம் நின்று பேசுகிறாய் என்பதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. சான்றிலிருந்து முடிவுக்கு நீ எப்படிப் போகிறாய் என்பதைத்தான் பார்க்கிறேன். அந்த வழியில் சில இடங்களில் கால் இடறுகிறது. விவாதப் போட்டியில் எதிரணியில் பேசப்போகிறவர் அந்த இடங்களைத்தான் முதலில் பிடிப்பார்.

மூன்றாவது வாக்கியமும் நான்காவது வாக்கியமும்தான் பத்தியின் முதுகெலும்பு, அதனால் அங்கேயே தொடங்குகிறேன். மே மாதம் இ-பாஸ் வந்தது, ஜூனில் வியாபாரம் விழுந்தது, ‘எனவே’ இ-பாஸ்தான் காரணம் என்கிறாய். முன்னால் வந்தது பின்னால் வந்ததற்குக் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். பழைய அளவையியல் மரபில் இப்படிப்பட்டதை ஏதுப்போலி என்பார்கள். ஏதுவைப் போலத் தோன்றும், ஆனால் முடிவைத் தாங்காது.

ஒரு கேள்வி கேட்டுப் பார். இ-பாஸ் வராமலே இருந்திருந்தால் அந்த ஜூனில் மாமா கடையில் என்ன நடந்திருக்கும்? நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவள், உனக்கே தெரியும். ஏப்ரல், மே இங்கே சீசன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். 2024-இல் தமிழ்நாட்டில் பள்ளிகள் ஜூன் 10 அன்று திறந்தன. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற குடும்பங்கள் அதோடு நின்றுவிடும். சாரலும் பனிமூட்டமும் வந்துவிடும். ஆக, இ-பாஸ் என்ற சொல்லே இல்லாத வருடங்களிலும் மே மாத விற்பனைக்கும் ஜூலை விற்பனைக்கும் பெரிய இடைவெளி இருந்திருக்கும். நீ மே மாதத்தோடு ஜூனை ஒப்பிடுகிறாய். ஒப்பிட வேண்டியது 2024 ஜூனை 2023 ஜூனோடு. சீசன் முடிந்ததால் வந்த இறக்கம் எவ்வளவு, அதற்கு மேலும் இறங்கியது எவ்வளவு என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

மாமா கடையில் கணக்கு நோட்டு இருக்குமே, அதைக் கேள். 2023 ஜூனிலும் அதே அளவு குறைந்திருந்தால் உன் வாதம் நிற்காது. அந்த ஜூனைவிட 2024 ஜூன் மிகவும் மோசமாக இருந்திருந்தால், இப்போது எழுதியிருப்பதைவிடப் பல மடங்கு வலுவான சான்று உன் கையில் இருக்கும். இன்னும் ஒரு படி போகலாம். ஏற்காட்டிலும் மூணாறிலும் அப்போது இ-பாஸ் கிடையாது. அந்த ஊர்களிலும் அதே மாதங்களில் கூட்டம் அதே அளவு குறைந்திருந்தால் காரணம் வேறு. அங்கே குறையாமல் இங்கே மட்டும் குறைந்திருந்தால் உன் சந்தேகம் நியாயமானது.

இதே இடத்தில் இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. இ-பாஸ் எந்த வழியாக வியாபாரத்தைக் குறைத்தது என்று நீ சொல்லவே இல்லை. 2024-இல் தொடங்கியபோது அதில் எண்ணிக்கை வரம்பு இல்லை. எத்தனை வண்டிகள் வருகின்றன என்று தெரிந்துகொள்ளவே உயர் நீதிமன்றம் அதைக் கொண்டுவரச் சொன்னது. விண்ணப்பித்தவர்களுக்கு பாஸ் கிடைத்தது. அப்படியென்றால் கூட்டம் எப்படிக் குறைந்தது? ‘பாஸ் கிடைக்காதோ’ என்ற பயத்தில் சிலர் பயணத்தை மாற்றியிருக்கலாம். திடீரென்று கிளம்பி வருகிறவர்கள் வேறு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். சோதனைச்சாவடியில் வண்டிகள் நின்றதைக் கேள்விப்பட்டுத் தயங்கியிருக்கலாம். இவற்றில் எது என்று நீ நினைக்கிறாய்? மாமா கடைக்கு வந்தவர்கள் யாராவது அப்படிச் சொன்னார்களா? காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதினால்கூட, படிக்கிறவர் உன்னோடு நடந்து வருவார்.

அடுத்து, ஒரு சோறு பதம். அருமையான பழமொழி, இடம்தான் பொருந்தவில்லை. பானையில் எல்லாச் சோறும் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. அதனால்தான் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் போதும். கொடைக்கானல் அப்படி இல்லை. ஏரிச்சாலையில் சாக்லேட்டும் தைலமும் விற்கிற கடை சுற்றுலாப் பயணியை நம்பி இருக்கிறது. பூம்பாறையில் பூண்டு போடுகிறவருக்கு வடுகபட்டிச் சந்தையில் என்ன விலை என்பதுதான் கவலை. உள்ளூர் டாக்ஸி ஓட்டுகிறவர், தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்கிற அக்கா, அண்ணா சாலையில் மளிகை வைத்திருப்பவர், ஒவ்வொருவர் கதையும் வேறு. ஏழெட்டுப் பேரிடம் கேட்டுவிட்டு எழுது. அதுவரை ‘கொடைக்கானல் வணிகத்தை அழித்தது’ என்ற இடத்தில் ‘சுற்றுலாப் பயணிகளை மட்டும் நம்பியிருக்கும் ஏரிச்சாலைக் கடை ஒன்றில்’ என்று போட்டுக்கொள். சின்னதாகச் சொல்வதால் வாதம் பலவீனமாகாது. உன்னால் தாங்க முடிந்த அளவுக்குச் சொன்னால் யாராலும் தள்ளிவிட முடியாது.

காட்டெருமை வரியை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. காரணம் விளைவுக்கு முன்னால் வர வேண்டும் இல்லையா? நாயுடுபுரத்திலும் ஏரிப் பக்கத்திலும் காட்டெருமை நடமாட்டம் 2024-க்குப் பல வருடங்களுக்கு முன்பே இருக்கிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பார்த்திருப்பாய். புல்வெளிகளில் வாட்டில், பைன் மரங்கள் பரவியது, தோட்டங்கள், ஊருக்குள் கொட்டிக் கிடக்கிற குப்பை என்று இதற்குப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. அது தனிக் கட்டுரைக்கான விஷயம், நீ எழுதினால் ஆசையாகப் படிப்பேன். இந்தப் பத்தியில் மட்டும் அது உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏசி அறை வாக்கியத்தை எழுதும்போது உனக்குக் கோபம் வந்திருக்கிறது. கோபம் புரிகிறது. ஆனால் ஒருவர் எங்கே உட்கார்ந்து பேசுகிறார் என்பதை வைத்து அவர் சொல்வது சரியா தவறா என்று தீர்மானிக்க முடியாது. தவிர, அது உண்மையும் இல்லை. நெரிசலாலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டாலும் அவதிப்பட்டு இ-பாஸை ஆதரிக்கிற உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள். உன் வகுப்பிலேயே இருக்கலாம். சீசன் நேரத்தில் ஆம்புலன்ஸ் நெரிசலில் மாட்டிக்கொள்ளும் என்று அவர்கள் சொன்னால், அதற்கு உன் பதில் என்ன? அந்தப் பதிலை எழுது.

‘இன்று, நாளை, பிறகு’ வரிசையில் நான் உனக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். படிப்படியாகப் போகும் என்ற வாதம் எப்போதும் பிழை இல்லை. ஒவ்வொரு படிக்கும் சான்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இங்கே முதல் படி உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்று வரம்பு வந்தது. இதை ‘நாளை என்பார்கள்’ என்று ஊகமாக ஏன் எழுதியிருக்கிறாய்? நடந்த தேதியோடு எழுது, உன் பத்தியிலேயே மிக உறுதியான வரி அதுவாக இருக்கும். ஆனால் அங்கிருந்து ‘நம்மையே இறங்கச் சொல்வார்கள்’ என்பதற்கு ஒரு படியும் இல்லை. உள்ளூர் வாகனங்களுக்கு விலக்கு கொடுத்துத்தான் இந்த ஏற்பாடே நடக்கிறது. கடைசிப் படியை விட்டுவிட்டால் முதல் படி தனியாகவே நிற்கும்.

கடைசி இரண்டு வாக்கியங்களில் இரண்டே வழிகளை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அடைத்துவிட்டாய். வரம்பை உயர்த்துவது, சீசனுக்கு மட்டும் வைத்துக்கொள்வது, அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் மேலே வரச் செய்வது என்று நடுவில் எத்தனையோ இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றை நீயே முன்வைத்தால் போட்டி நடுவர்கள் உன்னைக் கவனிப்பார்கள்.

தொடக்கத்தை மட்டும் எப்படி மாற்றலாம் என்று எழுதிக் காட்டுகிறேன். எண்களை நீ மாமாவிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே சேர்க்க வேண்டும், அதனால் நான் எண் போடவில்லை.

“சீசன் முடிந்தால் ஏரிச்சாலையில் விற்பனை குறைவது புதிதல்ல. ஆனால் என் மாமாவின் கணக்கு நோட்டில் 2024 ஜூன் விற்பனை, முந்தைய ஆண்டின் அதே ஜூனைவிடக் குறைவாக இருக்கிறது. இ-பாஸ் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால், பாஸ் கிடைக்குமோ என்ற குழப்பத்தில் பயணத்தைத் தள்ளிப்போட்டதாகச் சில வாடிக்கையாளர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.”

நோட்டில் அப்படி இல்லையென்றால் இரண்டாவது வாக்கியத்தை எழுதாதே. வாடிக்கையாளர்கள் அப்படிச் சொல்லவில்லையென்றால் கடைசி வாக்கியத்தையும் எழுதாதே. நோட்டு உன் எண்ணத்துக்கு எதிராக இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வா. அப்போது உன் வாதத்தை எந்தப் பக்கம் கட்டலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

போட்டி அடுத்த வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் லைப்ரரியில் இருப்பேன். இரண்டு வருட ஜூன் கணக்கையும், கேட்டுவந்த ஏழெட்டுப் பேர் சொன்னதையும் எழுதிக் கொண்டுவா. எதிரணியாக நானே உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன்.

அன்புடன்,
உன் தமிழ் மிஸ்