விடுப்புக் காலப் பொறுப்பு ஒப்படைப்பு: ஜனவரி 9 மாலை முதல் 18 வரை

பிரபு, செல்வி, சண்முகம் அண்ணன், இரவு டியூட்டி பார்க்கும் இம்ரான், எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி குழுவில் நான் போட்டது இது: "நாளைக்கு ஊருக்குப் போறேன். பிரபு பாத்துக்குவான். பில் விஷயம் செல்விகிட்ட கேளுங்க. 4417-ஐ கொஞ்சம் கவனிங்க. ஏதாவதுன்னா கூப்பிடுங்க."

அதை அழித்துவிட்டேன். இனி இந்தக் குறிப்புதான் கணக்கு. "கவனிங்க என்றால் என்ன செய்யணும் அக்கா?" என்று இம்ரான் கேட்டான். சரியான கேள்வி. போன ஆடியில் நான் லீவில் போனபோதும் இதே மாதிரி இரண்டு வரி போட்டுவிட்டுத்தான் போனேன். என் போன் அணைந்திருந்தது. இ-வே பில்லை நீட்டிக்கத் தனக்கு அதிகாரம் உண்டா என்று தெரியாமல் இரவு டியூட்டியில் இருந்த பையன் காத்திருந்தான். கடைசி நேரத்தில் ஆறு பில்தான் நீட்டிக்க முடிந்தது, இரண்டுக்கு நேரம் தாண்டி, டிரைவர் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரோட்டோரம் நின்றார். தவறு அந்தப் பையனுடையது அல்ல, என்னுடையது. யார் எதை முடிவு செய்யலாம் என்று நான் எழுதி வைக்கவில்லை. இந்த முறை எழுதியிருக்கிறேன். தயவு செய்து முழுதும் படியுங்கள்.

நான் இருக்கும் இடம்

9ஆம் தேதி இரவு ரயில். 11 காலை வரை வண்டியில் இருப்பேன், சிக்னல் வந்து வந்து போகும். 12ஆம் தேதி மதுரையில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அன்று காலை 8 முதல் மதியம் 2 வரை போன் அணைந்திருக்கும். 13 முதல் 17 வரை விருதுநகரில் வீட்டில் இருப்பேன். 19ஆம் தேதி காலை 9.30க்கு வாஷி ஆபீஸில் இருப்பேன்.

மூன்று விஷயத்துக்கு எந்த நேரமும் கூப்பிடலாம்: விபத்தில் யாருக்காவது காயம், வண்டியைப் பிடித்து வைத்துவிட்டார்கள், டிரைவர்களில் யாரையாவது மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நான் எடுக்கவில்லை என்றால் இரண்டாவது முறை முயலாமல் நேராக முதலாளியைக் கூப்பிடுங்கள். மாட்டுங்காவில்தான் இருக்கிறார், இந்தப் பத்து நாளும் ஊரில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற எதற்கும் என்னைத் தேட வேண்டாம். பிரபு சொல்வதே என் சொல்.

யாரைக் கேட்பது

லோடு, வண்டி, டிரைவர், பார்ட்டி பேச்சு எல்லாம் பிரபு, உள் எண் 12. அவன் வெளியே போனால் சண்முகம் அண்ணன், உள் எண் 15. பில், எல்.ஆர்., பி.ஓ.டி., பணம் கொடுப்பது வாங்குவது செல்வி, உள் எண் 18. இரவு 8 முதல் காலை 8 வரை டியூட்டி மொபைல் இம்ரானிடம். அந்த எண் எல்லா டிரைவரிடமும் இருக்கிறது, அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. பிவண்டி குடோனுக்கு சாவந்த் பாவ். அவருக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் இதில் குடோன் சம்பந்தப்பட்டதை பிரபு இன்று மாலைக்குள் அவரிடம் ஹிந்தியில் நேரில் சொல்லிவிட வேண்டும். மொபைல் எண்கள் முழுவதையும் அச்சடித்து டிஸ்பாட்ச் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ரோட்டில் விபத்து, பிரேக்டவுன் என்றால் டிரைவர் முதலில் அழுத்த வேண்டியது 1033, நெடுஞ்சாலை உதவி எண். ஆளுக்கு அடி என்றால் 112. நமக்கு அதற்கப்புறம் சொன்னால் போதும்.

4417: இதைத்தான் "கவனிங்க" என்று எழுதினேன்

பிவண்டியில் 7ஆம் தேதி லோடு ஏற்றி சென்னை மாதவரத்துக்குக் கிளம்பிய வண்டி. பால்பாண்டி அண்ணன் ஓட்டுகிறார். கிளட்ச் போய் கோலாப்பூரில் நிற்கிறது. மெக்கானிக் 10ஆம் தேதி காலை முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படி முடிந்தால் 12 இரவு அல்லது 13 காலை மாதவரம் போய்விடலாம்.

சிக்கல் இங்கேதான். மாதவரம் குடோன் போகி முதல் காணும் பொங்கல் வரை, அதாவது 14 முதல் 17 வரை மூடியிருக்கும். 13ஆம் தேதி மாலைக்குள் இறக்கவில்லை என்றால் 18 வரை சரக்கு வண்டியிலேயே இருக்கும். இ-வே பில்லின் ஆயுளோ 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கில், நம் 1,330 கி.மீ.க்கு 7 நாள். 7ஆம் தேதி எடுத்த பில்லின் முதல் நாள் 8ஆம் தேதி நள்ளிரவில்தான் முடிகிறது, அப்படி எண்ணினால் 14 நள்ளிரவோடு காலாவதி. நீட்டிக்க, முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து முடிந்த பின் 8 மணி நேரம் வரைதான் வழி. அதாவது 14 மாலை 4 மணி முதல் பொங்கல் அன்று காலை 8 மணி வரை. எல்லாரும் பொங்கப்பானை பக்கத்தில் இருக்கும் நேரம். அதனால் விடியும் வரை விடக் கூடாது.

முடிவு: 13ஆம் தேதி மாலை 5 மணிக்கு பிரபு பால்பாண்டி அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இறக்கியாச்சு என்றால் விஷயம் முடிந்தது. இறக்கவில்லை என்றால் 14 மாலை 4 மணிக்கு இம்ரான் சீக்கிரமே வந்து நீட்டிக்க வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இதையே அனுமதியாக வைத்துக்கொள்.

ewaybillgst.gov.in-இல் நம் டிரான்ஸ்போர்ட்டர் கணக்கில் நுழைந்து `Extend Validity` திறந்தால் போதும். வண்டி அப்போது நிற்கும் இடம், அதன் பின்கோடு, இன்னும் போக வேண்டிய தூரம் மூன்றும் கேட்கும். டிரைவரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள். காரணம் உள்ளதை உள்ளபடி எழுது: கிளட்ச் பழுது, குடோன் விடுமுறை. இந்த வண்டியில் 11 பார்ட்டி சரக்கு, 11 பில். தொகுத்து எடுத்த பில்லுக்குத் தனி ஆயுள் கிடையாது, பதினொன்றையும் ஒவ்வொன்றாக நீட்டிக்க வேண்டும். போன ஆடியில் இந்த இடத்திலும்தான் வழுக்கியது: ஆறு நீட்டித்தாச்சு, இரண்டு விட்டுப்போச்சு. பட்டியலை அச்சடித்து ஒவ்வொன்றாக டிக் போடு.

கிளட்ச் 10ஆம் தேதி சரியாகவில்லை என்றால் வேறு வண்டிக்கு மாற்றலாம். அந்தச் செலவை பிரபு முடிவு செய்யலாம், 22,000 ரூபாய் வரை. ஆனால் சரக்கு மாறுவதற்கு முன்பு `Part-B`-இல் புது வண்டி எண் ஏற வேண்டும். எண் மாறாமல் புது வண்டி நகரவே கூடாது. பிடித்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரும்.

மற்ற வண்டிகள்

7750, கோவையிலிருந்து பம்ப் மோட்டார் ஏற்றிக்கொண்டு 11ஆம் தேதி பிவண்டி வருகிறது. அந்தப் பார்ட்டி எப்போதும் வண்டியைக் காக்க வைப்பார்கள். 24 மணி நேரம் தாண்டினால் ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் ஹால்டிங். இதை நான் அவர்களிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் சம்மதமும் வாங்கியாச்சு, செல்வியிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. தள்ளுபடி கேட்பார்கள், கொடுக்க வேண்டாம். அந்தப் பணம் வெயிலில் காத்திருக்கும் டிரைவருக்குப் போகிற பணம்.

2086 திருப்பூர் போய்ச் சேர்ந்தாச்சு. திரும்பும் லோடு பொங்கல் முடிந்துதான், 19க்குப் பிறகு.

பணம்

டிரைவர் அட்வான்ஸ், டீசல், ரிப்பேர் எதுவானாலும் ஒரு தடவைக்கு 15,000 ரூபாய் வரை பிரபு தனியாக முடிவு செய்யலாம். 15,000 முதல் 40,000 வரை பிரபுவும் செல்வியும் சேர்ந்து, இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் முதலாளி. அதற்கு மேல் எப்போதும் முதலாளி. 4417-க்கு வேறு வண்டி எடுப்பது மட்டும் விதிவிலக்கு, மேலே சொன்னபடி 22,000 வரை பிரபுவே. ராத்திரியில் டிரைவருக்குப் பணம் தேவை என்றால் இம்ரான் 5,000 வரை அனுப்பிவிட்டு காலையில் செல்வியிடம் சொன்னால் போதும். பாஸ்டேகில் காசு தீர்ந்து சுங்கச்சாவடியில் பணமாகக் கட்டினால் இரட்டிப்பு போகும், அதனால் தினமும் இரவு 9க்கு இருப்பைப் பார்த்து 3,000க்குக் கீழே இருக்கும் வண்டிக்கு ஏற்றிவிடு.

வாடகை பேசும்போது பட்டியல் விலையில் 5 சதவீதம் வரை பிரபு குறைக்கலாம். அதற்குக் கீழே வரும் லோடு வேண்டாம். புது பார்ட்டிக்குக் கடன் கிடையாது.

செல்விக்கு: ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11. இன்வாய்ஸ் பட்டியல் 10 மதியத்துக்குள் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய்விட வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கடைசி நாள் 15, அது பொங்கல், அதனால் 13ஆம் தேதியே கட்டிவிடுங்கள். ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதி, நான் வந்துவிடுவேன்.

பொங்கல் லீவு

இதை யாரும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆறு டிரைவர்கள் ஊருக்குப் போகிறார்கள், பட்டியல் சிவப்பு ரிஜிஸ்டரில். மூன்று வருஷமாக வீட்டில் பொங்கல் கொண்டாடாதவர்களுக்கு முதலில் கொடுத்திருக்கிறேன். அவசர லோடு வந்தாலும் அவர்களைத் திரும்பக் கூப்பிடக் கூடாது, வெளி வண்டி எடுங்கள், இல்லையென்றால் லோடை விடுங்கள். அந்த நஷ்டத்துக்கு நான் பொறுப்பு. 14 முதல் 16 வரை ரோட்டில் இருப்பவர்களுக்கு இரட்டைப் படி, முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். சண்முகம் அண்ணன், பொங்கல் அன்று காலை வண்டியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் ஒரு போன் பண்ணி வாழ்த்துச் சொல்லிவிடுங்கள். நீங்கள் கூப்பிட்டால்தான் அவர்களுக்குச் சந்தோஷம்.

நான் வரும்வரை தொட வேண்டாதவை

ஜி.பி.எஸ். கம்பெனியை மாற்றும் பேச்சு, குடோன் வாடகை ஒப்பந்தம், எசக்கிமுத்துவின் ரூட் மாற்றல் கோரிக்கை. எசக்கிமுத்துவிடம் மட்டும் நானே பேசிவிட்டேன், 19க்குப் பிறகு பதில் சொல்கிறேன் என்று. அவர் மறுபடி கேட்டால் அதையே சொல்லுங்கள்.

தினமும் மாலை 7 மணிக்கு பிரபு குழுவில் நாலு வரி போட வேண்டும்: எந்த வண்டி எங்கே, யாருக்குப் பணம் போனது, எந்த முடிவு எடுத்தாய், நாளை எது காலாவதி. நான் பதில் போடாவிட்டாலும் படிப்பேன். நீ எடுத்த முடிவு எனக்குப் பிடிக்காமல் இருந்தாலும் நடுவில் மாற்ற மாட்டேன், வந்து நேரில் பேசிக்கொள்ளலாம்.

இதில் எது புரியவில்லையோ இன்று மாலை 5க்குள் கேளுங்கள், 6 மணிக்கு நான் கிளம்புகிறேன். படித்தவர்கள் குழுவில் பெயர் போட்டுவிடுங்கள். சண்முகம் அண்ணனுக்குக் கண்ணாடி இல்லை என்றால் இம்ரான் படித்துக் காட்டு.

மீனாட்சி
ஜனவரி 9, காலை 10.40
வாஷி ஆபீஸ்