பசுந்தேயிலை விலைச் செய்தி: முதல் வரைவு பற்றி

நிவேதா,

வரைவை இரண்டு முறை படித்தேன். இப்படியே பக்கத்துக்குப் போகாது. ஆனால் கோத்தகிரி பக்கம் நேரில் போய், எடை போடும் இடத்தில் நின்று, அந்த எடைச் சீட்டையும் படம் எடுத்து வந்திருக்கிறீர்கள். போனில் நாலு பேரிடம் கேட்டு எழுதும் செய்தியில் இது கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், அந்தச் சீட்டு உங்கள் வரைவில் ஏழாவது பத்தியில் ஒரே ஒரு வரியாக வந்துபோகிறது.

முதல் பத்தி, "நீலகிரி மாவட்டப் பொருளாதாரத்தின் முதுகெலும்பாக விளங்குவது தேயிலை" என்று தொடங்குகிறது. நம் வாசகரில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் குடியிருப்பவர்கள். அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மூன்று பத்திகளையும் எடுத்துவிடுங்கள். சீட்டிலிருந்து தொடங்குங்கள்: எடை 48 கிலோ, கழிவு 5 கிலோ, மீதி 43 கிலோ. கிலோவுக்கு 14 ரூபாய் என்றால் 602 ரூபாய். அந்த இலையைப் பறித்த இரண்டு பேருக்குக் கூலி தலைக்கு 400 வீதம் 800 ரூபாய் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. பறித்த நாளே 198 ரூபாய் கைநட்டம். உரம், மருந்து, கவ்வாத்துச் செலவெல்லாம் இதில் சேரவே இல்லை. முதல் பத்திக்கு இந்தக் கணக்கு போதும்.

ஆனால் ஒன்று. சீட்டில் எடைதான் இருக்கிறது, விலை இல்லை. இலையைக் கொடுக்கும் அன்றே விலை முடிவாவதில்லை, மாதக் கணக்கில்தான் பணம் வரும். அப்படியிருக்க 14 ரூபாய் எங்கிருந்து வந்தது? போன மாதம் கொடுத்த விலையா, இந்த மாதம் தருவதாக இலை வாங்கும் ஏஜென்ட் சொன்னதா, இலை கொடுத்த அந்த அம்மாவின் கணிப்பா? மூன்றில் எது என்று தெரிந்த பிறகுதான் 602 என்ற எண்ணை எழுத முடியும். போன மாத விலை என்றால், "போன மாத விலைப்படி பார்த்தால்" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், கணக்கு நிற்கும்.

கழிவு 5 கிலோ என்பது 10 சதவீதத்துக்கு மேல். ஏன் பிடித்தார்கள் என்று வரைவில் இல்லை. இலை ஈரமாக இருந்தால் தண்ணீர் எடைக்குக் கழிப்பார்கள், முற்றிய இலை கலந்திருந்தாலும் கழிப்பார்கள். அன்று காலை மழையா, பனி ஈரமா, வெயிலா? நீங்கள் அங்கே நின்றிருந்தீர்கள், உங்களுக்குத்தான் தெரியும். கழிவுக்கு ஒரு சதவீதம் வைத்திருக்கிறார்களா, கண்ணால் பார்த்துச் சொல்கிறார்களா என்று அடுத்த முறை அங்கேயே கேட்டுவிடுங்கள். இப்போது ஏஜென்டுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

எண்களில் இன்னும் இரண்டு இடம் இடிக்கிறது. "17 ரூபாயிலிருந்து 14 ஆகக் குறைந்து 3 சதவீதம் சரிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். 3 ரூபாய் சரிவு என்பது சரி, சதவீதம் கிட்டத்தட்ட 18. இரண்டாவது, "தேயிலை விலை கிலோ 14 ரூபாய்" என்று தலைப்பில் இருக்கிறது. கடையில் தூள் வாங்குகிறவர் சிரிப்பார். பசுந்தேயிலை வேறு, தேயிலைத்தூள் வேறு. எல்லா இடத்திலும் பிரித்து எழுதுங்கள். மேற்கோளில் மட்டும் அவர்கள் பேச்சில் வருகிறபடி "இலை" என்றே இருக்கட்டும்.

வரைவில் ஆபத்தான இடம் ஒன்பதாவது பத்தி. "இடைத்தரகர்கள், தொழிற்சாலைகளின் கூட்டுச் சூழ்ச்சியே காரணம்" என்று உங்கள் குரலில் வருகிறது, கூடவே ஒரு தொழிற்சாலையின் பெயரும். யார் சொன்னது? அவர்களிடம் கேட்டீர்களா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் அந்த வரியை விட மாட்டேன். அதைவிட நல்ல வழி, விலை எப்படி வருகிறது என்று நாமே கணக்குப் போட்டுப் பார்ப்பது. 2003-ஆம் ஆண்டின் தேயிலை (சந்தைப்படுத்தல்) கட்டுப்பாட்டு ஆணையை ஒட்டி, தூள் விற்ற விலையில் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்று பங்கு பிரிக்கிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு 4 முதல் 4.5 கிலோ இலை போகும். தூள் சராசரியாக 100 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். விவசாயி பங்கு 65. அதை 4.5 ஆல் வகுத்தால் இலைக்கு 14 ரூபாய் 44 காசு. 4 ஆல் வகுத்தால் 16 ரூபாய் 25 காசு. அரை கிலோ வித்தியாசத்தில் 1 ரூபாய் 81 காசு மாறுகிறது பாருங்கள். குன்னூர் ஏலத்தில் சமீபத்திய வாரங்களின் சராசரியையும், தேயிலை வாரியம் நீலகிரிக்கு அறிவித்த மாத விலையையும் எடுத்து வையுங்கள். அறிவித்த விலைக்கும் கையில் கிடைத்த விலைக்கும் இடைவெளி இருந்தால் அதுதான் செய்தி, தொழிற்சாலையிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். இடைவெளி இல்லையென்றால் சூழ்ச்சி என்ற பேச்சே வராது. ஏலத்தில் ஏன் விழுந்தது என்று எழுத வேண்டும்.

மேற்கோள். "எங்களது வாழ்வாதாரமே கேள்விக்குறியாகியுள்ளது என வேதனையுடன் தெரிவித்தார்." எழுபது வயது அம்மா தோட்டத்து ஓரத்தில் நின்று இப்படிப் பேசியிருக்க மாட்டார். உங்கள் குறிப்பேட்டில் அவர் சொன்னது இருக்கிறது: "ஆள் விட்டுப் பறிச்சா கூலிக்கு நான்தான் மேல போடணும். பறிக்காம விட்டா இலை முத்திப்போகும், அப்புறம் அதையும் எடுக்க மாட்டாங்க." இதை விட்டுவிட்டு அதை ஏன் போட்டீர்கள்? இப்படியே போடுங்கள், "வேதனையுடன்" வேண்டாம். அவர் படுகு மொழியில் சொல்லி நீங்கள் தமிழில் எழுதியதா என்பதையும் குறித்துக் கொடுங்கள். அப்படியானால் மேற்கோள் குறி இல்லாமல், அவர் சொன்னதாக எழுதுவோம்.

"சிறு விவசாயி" என்று மட்டும் எழுதாதீர்கள். தேயிலை வாரியக் கணக்கில் 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை சிறு விவசாயிதான். இவருக்கு முக்கால் ஏக்கர். அந்த முக்கால் ஏக்கரை எழுதுங்கள். "மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் பாதிப்பு" என்பதற்கு ஆதாரம் இல்லை, வெட்டிவிட்டேன்.

படம்: பசுமையான சரிவுப் படம் வேண்டாம், அது காலண்டருக்கு. பன்னிரண்டு நாளாகப் பறிக்காத செடியின் படம் உங்கள் போனில் இருக்கிறதே, அதைப் போடுவோம். சீட்டின் படத்தில் அவர் பெயரும் உறுப்பினர் எண்ணும் தெரிகிறது, மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

தலைப்பு என் யோசனை: "48 கிலோ இலைக்கு 602 ரூபாய், பறிப்புக் கூலி 800". விலை உறுதியானால் மட்டும். "வேதனையில் தேயிலை விவசாயிகள்" என்று வருடத்துக்கு நாலு முறை நாமே போட்டிருக்கிறோம்.

வரைவு இப்போது 640 சொல். 350-க்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். முதலில் ஏஜென்ட், பிறகு தேயிலை வாரியத்தின் குன்னூர் அலுவலகம், கடைசியாகத் தொழிற்சாலை, இந்த வரிசையில் கேளுங்கள். கையில் எண் இல்லாமல் தொழிற்சாலையிடம் போனால் "மார்க்கெட் டல்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அவர்கள் பேச மறுத்தால் எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரிடம் கேட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். நாளை மதியம் 3 மணிக்குள் இரண்டாவது வரைவு வந்தால் போதும். வாரியத்தில் எண் கிடைப்பதில் இழுத்தடித்தால் 12 மணிக்கே எனக்குச் சொல்லுங்கள், நான் பேசிப் பார்க்கிறேன்.

செய்தி ஆசிரியர்