வெள்ளை

நாலரை மணிக்கு எழுப்ப இப்போது சங்கு இல்லை. மில் மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் தனபாலுக்கு அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர் மாதிரி எழுந்து, முகம் கழுவி, மஃப்ளரைத் தலையோடு காதையும் சேர்த்து இறுக்கிச் சுற்றிக்கொண்டு, வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். எதற்கு அவ்வளவு அவசரமாக எழுந்தார் என்று கேட்டால் அவரிடமே பதில் இருக்காது.

முத்தியால்பேட்டையில் மார்கழி விடியல் கடல் ஈரத்தோடுதான் வரும். தெருவில் நாலைந்து வாசல்களில் ஏற்கெனவே தண்ணீர் தெளித்தாகிவிட்டது. அஞ்சலை குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். முட்டிவலி வந்த பிறகு பதினைந்து புள்ளி ஏழாகக் குறைந்துவிட்டது. பூசணிப்பூவும் தினமும் கிடைப்பதில்லை. கிடைக்காத நாளில் செம்பருத்தி. அதைப் பறித்துக் கொடுப்பது தனபாலின் வேலை. பறித்துக் கையில் கொடுக்கமாட்டார், பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிடுவார். அவள் எடுத்துக்கொள்வாள்.

"வெள்ளை வந்துடுச்சா?" என்று சைக்கிள் பையனைப் பார்த்துக் கேட்டாள்.

"வந்துடுச்சு ஆயா" என்று ஒரு பாண்லே பாக்கெட்டை நீட்டினான் பையன். இந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிற பால்காரப் பையன்கள் எல்லாருக்கும் முதல் இரண்டு நாள் இந்த வெள்ளை புரியாது. அப்புறம் பழகிவிடும்.

புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பது அஞ்சலையின் அம்மா சொல்லிக் கொடுத்தது. பேரில் இருக்கிற சொல்லையும் சேர்த்து. தனபால் என்று ஒருவரைக் கட்டிக்கொண்டால் பாலுக்கு வேறு பேர் வைத்துத்தானே ஆகவேண்டும்? 1974-இல் கல்யாணம் ஆன மறுநாளே பால் வெள்ளையாகிவிட்டது. பிள்ளைக்குப் புட்டியில் கொடுத்ததும் வெள்ளை, பொங்கலன்று பொங்கியதும் வெள்ளை. ரேஷன் கார்டு எழுதப் போனபோது, "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டவரிடம், "பணத்துக்கு இன்னொரு பேர் இருக்கு பாருங்க, அதோட வெள்ளையைச் சேர்த்துக்குங்க" என்று சொல்லி, அந்த மனுஷரைக் கொஞ்ச நேரம் பேனாவும் கையுமாக உட்கார வைத்திருக்கிறாள். அந்தப் பழக்கத்தில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால் எனக்கும் தெரியாது. அவளுக்கு அது நியாயம் சம்பந்தப்பட்டதே இல்லை. நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

தனபால் தறிக்கூடத்தில் இருந்தவர். நூற்றுக்கணக்கில் தறிகள் ஒன்றாக ஓடுகிற இடத்தில் பேச்சு எடுபடாது. உதட்டைப் பார்த்தும் கையை அசைத்தும்தான் எல்லாம். கல்யாணமான புதிதில் அவர் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். புதுப் பெண்ணோடு என்ன சண்டை என்று அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். "சோறு நல்லாருக்குது" என்பதைத்தான் அவர் அப்படிக் கத்திச் சொல்லியிருக்கிறார்.

முப்பது வருஷத் தறிச் சத்தம் காதைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் தட்டுப் பாஷை வந்தது. பெஞ்சில் டம்ளரால் இரண்டு தட்டு தட்டினால் காபி. மூன்று தட்டினால் சாப்பாடு. கதவு நிலையை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தால், வந்திருப்பது கடன்காரனோ சம்பந்தியோ, யாராக இருந்தாலும் சட்டையைப் போட்டுக்கொள் என்று அர்த்தம்.

இன்னொன்றும் அப்போதுதான் ஆரம்பித்தது. யாருக்கும் தெரியாது. அடுப்படியில் பால் பொங்கி வருகிற நேரத்தில், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்காது என்ற தைரியத்தில் ஒருநாள் அஞ்சலை பேரைச் சொல்லிப் பார்த்தாள். முதல் நாள் சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை, வாசலில் அவர் பாட்டுக்குத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தினமும் சொன்னாள். "தனபாலு, காபி ஆறுது பாரு." "தனபாலு, மாத்திரை போட்டியா?" திட்ட வேண்டிய நாளில் திட்டினாள். மகள் கல்யாணக் கடனில் நகையை விற்ற மாதம் முழுக்கத் திட்டித் தீர்த்தாள். அவருக்கு நெஞ்சுவலி வந்து திரும்பிய வாரத்தில் வேறு மாதிரி பேசினாள். அதையெல்லாம் இங்கே எழுதுவது முறையில்லை.

போன ஆவணியில் சென்னையிலிருந்து மகன் காது மெஷின் வாங்கி வந்தான். சுண்டைக்காய் அளவு. ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு, "காக்கா கத்தறதெல்லாம் தலைக்குள்ள கத்துது" என்று தனபால் அதை டப்பாவில் வைத்து அலமாரி மேல் போட்டுவிட்டார். மகனுக்கு வருத்தம்தான். தீபாவளிக்கு வந்தபோது டப்பாவைத் திறந்து பார்த்தவன், "போடறதே இல்லைங்கறீங்க, ஆறு பேட்டரியில மூணு காலியாயிருக்குதே?" என்று கேட்டான். "அது எலி எடுத்துட்டுப் போயிருக்கும்" என்றார் தனபால். அவர் அதைக் கத்தாமல் சொன்னார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மட்டும், "தாத்தா இப்பல்லாம் மெதுவாத்தான் பேசறாரு, உடம்பு எதுவும் முடியலையா ஆயா?" என்று ஒருநாள் விசாரித்தாள்.

இன்றைக்கு வாசல் பெருக்கும்போது துடைப்பத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. பிய்த்துத் தெருவிளக்கில் பார்த்தாள். ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர். புது பேட்டரியின் முதுகில் ஒட்டியிருப்பது, அதைப் பிய்த்தால்தான் பேட்டரி வேலை செய்யும் என்று மகன் சொல்லிக் காட்டியிருந்தான். அப்போது எதுவும் தோன்றவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு கோலத்துக்குக் குனிந்துவிட்டாள்.

பால் அடுப்பில் இருந்தது. தனபால் குளிருக்கு மஃப்ளரை இன்னும் இறுக்கினார். உடனே வாசலிலிருந்து 'கீ' என்று மெல்லிசாக ஒரு விசில். துணியோ கையோ மூடினால் காது மெஷின் அப்படித்தான் கத்தும். அந்த முதல் வாரம் முழுக்க வீட்டில் கேட்ட சத்தம்தான். பதறிப்போய் மஃப்ளரைத் தளர்த்தினார். விசில் நின்றது.

அஞ்சலை கரண்டியோடு நின்றாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. விரல் விட்டு எண்ணினாள். நேற்று என்ன சொன்னோம்? முந்தாநாள்? சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறாய் கழுதை என்று சொன்ன அன்று, அவர் உள்ளே வந்து சட்டையைச் சரியாகப் போட்டுக்கொண்டு போனது இப்போதுதான் ஞாபகம் வந்தது. கழுத்து வரைக்கும் சூடேறியது. அதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. அவசரமாக இறக்கினாள்.

டிகாக்‌ஷனை ஊற்றினாள். அவருக்குச் சர்க்கரை இல்லை, தனக்கு அரை ஸ்பூன். ஆற்றினாள். தினமும் ஆற்றுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆற்றினாள். அடுப்படியிலிருந்து பார்த்தால் வாசல் பெஞ்சில் அவர் முதுகு தெரியும். அது அசையாமல், நிமிர்ந்து, காத்துக்கொண்டிருந்தது.

"தனபாலு" என்றாள். "காபி ஆறுது பாரு."

முதுகு அசையவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் செருப்பைத் தடவியது.

இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அவர் பக்கத்தில் பெஞ்சை இரண்டு தட்டு தட்டினாள். அவர் திடுக்கிட்டவர் மாதிரி திரும்பி, "இன்னா, காபியா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார்.

அஞ்சலை உட்கார்ந்தாள். இடுப்பில் இருந்த ஸ்டிக்கரை எடுத்து அவர் டம்ளரின் பக்கத்தில் ஒட்டினாள். பிறகு தெருவைப் பார்த்தபடி, உதடு அசைந்ததே தெரியாமல் சொன்னாள்: "மெதுவா பேசு தனபாலு, பக்கத்து வீட்டுல தூங்கறாங்க."

அவர் ஒரு வாய் காபி குடித்தார்.

"சரி" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.