கேரம்: அரைப் பக்க விதிச்சீட்டு

பழைய வண்ணாரப்பேட்டை, ஞாயிறு போட்டிக்கு முதல்முறை வரும் பிள்ளைகளுக்கு. ஒற்றையர் ஆட்டம் மட்டும்.

மன்றத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் நீளமான விதிப் பத்தியை ஆட்டத்துக்கு நடுவில் யாராலும் படிக்க முடியாது. போர்டில் உட்காரத் தேவையானதை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம். கறுப்புக்கு இத்தனை, வெள்ளைக்கு இத்தனை என்று தெருவில் போடும் பாயின்ட் கணக்கு இங்கே கிடையாது. 2024 உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய நம்ம வண்ணாரப்பேட்டை காசிமா ஆடுவதும் நிறம் பிரித்து ஆடும் இந்த ஆட்டம்தான்.

அடுக்குவது

வெள்ளை 9, கறுப்பு 9, ரெட் 1. ரெட் நடுவில். சுற்றி 6 காய், வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி. அதற்கு வெளியே 12, அதுவும் மாறி மாறி. உள்சுற்று வெள்ளைக்கு நேர் பின்னால் வெள்ளை வர வேண்டும். முதலில் உடைப்பவருக்கு வெள்ளை.

உங்கள் முறை

ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டிருக்க வேண்டும். ஓரத்துச் சிவப்பு வட்டத்தில் வைத்தால் முழுதாக மூடுங்கள், இல்லையென்றால் தொடவே கூடாது. ஸ்டூலை நகர்த்தக் கூடாது.

உங்கள் காய் விழுந்தால் மறுபடியும் நீங்களே. எதுவும் விழாவிட்டாலும், எதிராளி காய் மட்டும் விழுந்தாலும் முறை போச்சு. விழுந்த காய் அவருக்கே சேரும்.

ஸ்ட்ரைக்கர் மட்டும் குழியில் விழுந்தால் உங்கள் காய் ஒன்று நடுவுக்கு வரும், முறையும் போகும். எடுத்து வைக்கக் காயே இல்லையா? கடன், அடுத்து விழும் காயில் கழியும். ஸ்ட்ரைக்கரோடு உங்கள் காயும் விழுந்தால் அந்தக் காயும் இன்னொன்றும் வெளியே வரும், ஆனால் தொடர்ந்து ஆடலாம்.

ரெட் (சண்டையெல்லாம் இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்)

உங்கள் காய் ஒன்றாவது விழுந்த பிறகுதான் ரெட்டைப் போடலாம். போட்டதும் அடுத்த அடியிலேயே ஃபாலோ, அதாவது உங்கள் காய் ஒன்று விழ வேண்டும். ரெட்டும் காயும் ஒரே அடியில் விழுந்தாலும் ஃபாலோ ஆனதுதான். தவறினால் ரெட் நடுவுக்குத் திரும்பும். ரெட் போர்டில் இருக்கும்போது உங்கள் கடைசிக் காயைப் போட்டுவிட்டால் போர்டையே தோற்றீர்கள். ஆகவே இரண்டு காய் மிச்சம் இருக்கும்போதே ரெட்டை முடிவு செய்யுங்கள்.

ஜெயிப்பது

தன் 9 காயையும் முதலில் போட்டவருக்கு போர்டு. எதிராளியின் மிச்சக் காய் ஒவ்வொன்றுக்கும் 1 பாயின்ட். ரெட்டை ஃபாலோ செய்தவர் போர்டையும் ஜெயித்தால் கூட 3. தோற்றால் ரெட்டுக்கு ஒன்றும் இல்லை. 22 பாயின்ட் எட்டிய பிறகு ரெட்டுக்குக் கணக்கு கிடையாது.

முதலில் 25 எடுத்தவர் கேமை ஜெயிப்பார். 8 போர்டு முடிந்தும் யாரும் 25 தொடாவிட்டால் முன்னே இருப்பவருக்கு. சமம் என்றால் இன்னும் ஒரு போர்டு. ஞாயிறு முதல் சுற்றுக்கு ஒரே கேம், அதற்கு மேல் மூன்றில் இரண்டு.